ஆறுக்குள் இரண்டு

"சிக்ஸ் எய்ட்ல ஒரு பேட்டர்ன் போட்டுடுங்க மாஸ்டர், பாட்டு தானா ஆடும்." மென்மையான நாட்டுப்பாடலைப் பாட வருகிறவர்கள் கிடார்காரனிடம் பெரும்பாலும் இப்படித்தான் சொல்வார்கள். பேட்டர்ன் போடுவதில் சிரமம் ஒன்றும் இல்லை. ஒரு வாரம் பழகிய விரல்கள் ஆறு மாத்திரையையும் சீராகத் தட்டிவிடும். பாட்டு ஆடுவதுதான் தனி வேலை. அதே ஆறு மாத்திரையை, அதே கார்டுகளை, அதே வேகத்தில் இரண்டு பேர் வாசிப்பார்கள். ஒருவர் வாசிக்கையில் கேட்கிறவர் தலை தானாக அசையும். இன்னொருவர் வாசிக்கையில் தையல் மெஷின் ஓடுவதுபோல் இருக்கும். இந்த வித்தியாசம் எங்கே இருக்கிறது என்று தேடுவதில்தான் துணைவாத்தியக்காரனாக என் காலத்தில் பெரும்பகுதி போயிருக்கிறது. எனக்குக் கிடைத்த விடையை ஒரே ஒரு பாட்டை வைத்துச் சொல்கிறேன்.

முதலில் தாளம். 6/8 என்றால் ஒரு பாரில் ஆறு மாத்திரை. ஆனால் அடி இரண்டுதான். ஒவ்வோர் அடிக்குள்ளும் மூன்று மாத்திரை. நம் கணக்கில் திஸ்ர நடையில் இரண்டு அடி: தகிட தகிட. வால்ட்ஸ் ஆடும் 3/4 தாளத்திலும் ஒரு பாருக்கு அதே ஆறு மாத்திரைதான். அங்கே அது தக தக தக என்று மூன்று அடியாகப் பிரியும். இரண்டுக்கும் ஒலிகளின் எண்ணிக்கை ஒன்று, வேகம் ஒன்று. எந்த மாத்திரையில் எடை விழுகிறது என்பது மட்டுமே வேறு. அதனால் எடை தவறினால் தாளமே வேறாகிவிடும். விரல் ஒன்றுகூடத் தவறியிருக்காது. கேட்கிறவருக்கு மட்டும் ஏதோ சரியில்லை என்று தோன்றும்.

ஒலிப்பதிவுக் கூடத்தில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தபேலா வாசித்த மூத்த கலைஞர் ஒருவர், நான் சின்னப் பையனாக இருந்தபோது சொன்ன வார்த்தை இன்றும் மனதில் இருக்கிறது. "தம்பி, ரெண்டு தகிடவுக்கும் ஒரே எடை குடுத்தா அது வெறும் நடை. முதல் தகிடல அழுத்து, ரெண்டாவதை விட்டுப் பிடி. அப்பத்தான் ஆட்டம் வரும்." கிடாரில் அந்த 'விட்டுப் பிடி'யை எப்படிச் செய்வது என்பதுதான் இந்தக் கட்டுரை முழுக்க.

பாட்டு, ஸ்காட்லாந்தின் 'ஸ்கை படகுப் பாட்டு'. ஒரு கல்லூரியின் சேர்ந்திசைக் குழுவுக்காக அதை நான் அமைத்துக் கொடுத்தேன். ஸ்கை என்பது ஸ்காட்லாந்தின் மேற்குக் கடலோரத்துத் தீவு. 1746 ஏப்ரலில் கல்லோடன் போரில் தோற்ற இளவரசர் சார்ல்ஸ் எட்வர்ட் ஸ்டூவர்ட், அரசுப் படைகளிடம் சிக்காமல் தீவு தீவாக ஒளிந்து திரிந்தார். அந்த ஜூனில் ஃப்ளோரா மெக்டொனால்ட் என்ற பெண், அவருக்குப் பணிப்பெண் வேடமிட்டு, சிறு படகில் ஏற்றி ஸ்கைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். பாட்டின் வார்த்தைகள் அந்தக் கதையைச் சொல்கின்றன. ஆனால் அவை அந்தக் காலத்தவை அல்ல. ஹெரால்ட் போல்டன் எழுதி, 1884இல் வந்த தொகுப்பில் வெளியிட்டவை. மெட்டுதான் மூத்தது. 1870களில் ஆனி மெக்லியாட் என்ற பெண்மணி ஸ்கைத் தீவில் ஓர் ஏரியைப் படகில் கடந்தபோது, துடுப்பு வலித்தவர்கள் பாடிய கேலிக் மொழிப் பாட்டைக் கேட்டு, நினைவில் வைத்துக் குறித்துக்கொண்டது அது.

மெட்டு எங்கிருந்து வந்தது என்பது கிடார்காரனுக்குக் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டிய செய்தி என்று நான் நினைக்கிறேன். துடுப்பு வலிப்பதில் இரண்டு பாதிகள் உண்டு. நீருக்குள் துடுப்பை இழுப்பது ஒன்று. அதில் உடம்பின் பாரம் முழுக்க இறங்குகிறது. துடுப்பை நீரிலிருந்து எடுத்து முன்னுக்குக் கொண்டுபோவது மற்றொன்று. அதில் பாரமே இல்லை. இழுப்பு, திரும்பல். இந்தப் பாட்டின் ஒரு பாரில் உள்ள இரண்டு அடிகளும் அவைதான். நம் கரையோரத்து அம்பாப் பாட்டுகளைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை; வலை இழுக்கிறவர்கள் பாட்டிலும் பாரம் விழும் இடமும் மூச்சு விடும் இடமும் தனித்தனியாகக் கேட்கும். ஆகவே நான் மாணவர்களிடம் சொல்வது இது: முதல் அடி இழுப்பு, நான்காவது மாத்திரையில் வரும் இரண்டாவது அடி திரும்பல். திரும்பும்போது யாரும் பலம் கொடுப்பதில்லை.

சுருதியில் தொடங்குகிறேன். கிடாரில் இந்தப் பாட்டுக்கு வசதியான கட்டை ஜி. ஜி, சி, டி, ஏ மைனர், இ மைனர் என்று ஐந்து கார்டும் திறந்த பிடிகள். கம்பிகள் நீண்டு ஒலிக்கும். மெட்டு மோகனத்தின் ஸ்வரங்களையே சுற்றிவருவது. கீழ் பஞ்சமத்தில் தொடங்கி மேல் பஞ்சமம்வரை ஒரு ஸ்தாயிக்குள் போய் வரும். பெண்கள் ஜியில் பாடினால் முதல் எழுத்தே கீழ் டியில் விழுகிறது. எங்கள் குழுவில் இருந்தவர்கள் பெரும்பாலும் மேல் குரல்காரர்கள். பாட்டின் முதல் வார்த்தை, அதுவும் பாரம் விழ வேண்டிய வார்த்தை, கிடாருக்கு அடியில் அமுங்கிப் போயிற்று. இரண்டாம் ஃப்ரெட்டில் கேப்போ மாட்டினேன். பிடிகள் ஜியாகவே இருக்க, ஒலி ஏவுக்கு ஏறியது. முதல் வார்த்தை வெளியே வந்தது. ஒரு பாட்டின் ஆட்டம் பாடகரின் முதல் எழுத்தில் தொடங்குகிறது. அது கேட்கவில்லையென்றால் நான் எந்த விரலை எப்படி வைத்தாலும் ஈடுகட்ட முடியாது.

அடுத்தது வேகம். மெட்ரோனோமை மாத்திரைக்கு வைக்காதீர்கள், அடிக்கு வையுங்கள். மாத்திரைக்கு வைத்தால் அது ஆறு முறை தட்டும். விரல்கள் அந்த ஆறையும் சமமாக்கிவிடும். இந்தப் பாட்டுக்கு நான் நிமிடத்துக்கு 46 அடி வைத்தேன். ஒரு பாருக்கு இரண்டு தட்டல், சுமார் இரண்டரை விநாடி. 40க்குக் கீழே போனால் அடிகள் ஒன்றையொன்று விட்டு விலகி, ஆறு மாத்திரையும் தனித்தனியாகக் கேட்கத் தொடங்குகின்றன. பாடுகிறவர்களுக்கு ஒரு வரிக்கு மூச்சும் போதாது. 60க்கு மேலே போனால் படகு போய், ஆட்டக்காரர்கள் வந்துவிடுகிறார்கள். அயர்லாந்தின் ஜிக் நடனமும் இதே 6/8தான். அது இதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் வேகமாக ஓடும். ஒத்திகையில் குழுவினர் பாடிக்கொண்டே பக்கவாட்டில் மெல்லச் சாயட்டும் என்று விட்டேன். ஒரு பாருக்கு இடம் ஒன்று, வலம் ஒன்று. 46இல் உடம்புகள் தவிக்காமல் சாய்ந்தன. அதுவே எனக்குப் போதுமான அளவுகோல்.

இனி வலது கை. இந்தத் தாளத்துக்குக் கிடாரில் இரண்டு வழி உண்டு. இரண்டும் எல்லாப் பாடப்புத்தகத்திலும் இருக்கும். முதல் வழியில் பெருவிரல் பேஸ் கம்பியையும், ஆள்காட்டி விரல் மூன்றாம் கம்பியையும், நடுவிரல் இரண்டாம் கம்பியையும், மோதிர விரல் முதல் கம்பியையும் எடுக்க, பிறகு நடுவிரல், ஆள்காட்டி விரல் என்று இறங்கி வரும். ஆறு மாத்திரைக்கு ஓர் ஏற்றமும் ஓர் இறக்கமும். அலை எழுந்து விழுவது கண்முன் தெரியும். ஆனால் நன்றாகக் கவனியுங்கள்: நான்காவது மாத்திரையில், அதாவது திரும்பல் அடியில், மோதிர விரல் முதல் கம்பியில் விழுகிறது. கிடாரிலேயே கூர்மையான ஒலி அந்தக் கம்பியுடையது. மோதிர விரலோ நம் கையில் கட்டுப்பாடு குறைந்த விரல். இரண்டும் சேர்ந்து திரும்பல் அடியை ஊசிபோல் குத்த வைக்கின்றன. அதற்கு மேல், முதல் கம்பியின் ஒலி பாடகியின் குரல் உலவும் உயரத்திலேயே உலவுகிறது.

இரண்டாவது வழியில் பெருவிரல், ஆள்காட்டி, நடுவிரல். மறுபடியும் பெருவிரல், ஆள்காட்டி, நடுவிரல். ஒரு பாருக்கு இரண்டு பேஸ் ஒலி. முதலில் கார்டின் மூல ஸ்வரம், பிறகு அதன் துணை ஸ்வரம். படகுப் பாட்டின் பல்லவிக்கு நான் எடுத்துக்கொண்டது இதைத்தான். பெருவிரல் இரண்டு முறை வருவதால் இழுப்பும் திரும்பலும் கையிலேயே தெரிகின்றன. முதல் பெருவிரல் அடி, விரலின் சதைப்பகுதி முழுக்கக் கம்பியில் சாய்ந்து எடுப்பது. இரண்டாவது, நுனியால் தொட்டு விடுவது. ஆள்காட்டியும் நடுவிரலும் இரண்டு இடத்திலும் இதைவிட மென்மையாக இருக்க வேண்டும்.

இந்த இரண்டு பேஸ் ஒலிகளையும் தேர்ந்தெடுப்பதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. பாட்டுப் பாட்டாக வாசித்துத்தான் கண்டுகொண்டேன். ஜி பிடியில் முதல் பேஸ் ஆறாம் கம்பியில் ஜி, இரண்டாவது நான்காம் கம்பியில் டி. கீழே இருந்து மேலே. காது கீழ் ஒலியைக் கனமாகவும் மேல் ஒலியை லேசாகவும் எடுத்துக்கொள்ளும். நான் எதுவும் செய்யாமலேயே பாதி எடை அமைந்துவிடுகிறது. இ மைனரில் ஆறாம் கம்பி இ, பிறகு ஐந்தாம் கம்பி பி. ஏ மைனரில் ஐந்தாம் கம்பி ஏ, பிறகு நான்காம் கம்பி இ. சியில் ஐந்தாம் கம்பி சி, பிறகு நான்காம் கம்பி இ. எல்லாவற்றிலும் கீழே இருந்து மேலே. டி பிடிக்கு வந்ததும் கதை தலைகீழாகிவிடுகிறது. டியின் மூல ஸ்வரம் நான்காம் கம்பியில் இருக்கிறது. வழக்கமாக எல்லோரும் எடுக்கிற துணை ஸ்வரம் ஏ, ஐந்தாம் கம்பியில், அதைவிடக் கீழே. இப்போது லேசாக இருக்க வேண்டிய திரும்பல் அடியில் தடித்த கம்பி, கீழ் ஒலி. விரல் எவ்வளவு மென்மையாகத் தொட்டாலும் அந்த ஒலி இறங்கிக் கனக்கிறது. டி வருகிற பாரில் மட்டும் படகு எதிர்ப்பக்கம் சாய்கிறது.

கிராமிய நடனப் பாட்டுகளில் இந்த ஏ நன்றாக இருக்கும். அங்கே இரண்டு காலும் தரையை உதைக்க வேண்டும். படகுப் பாட்டுக்கு அது ஆகாது. அதனால் டி பிடியில் இரண்டாவது அடிக்கு நான் மூன்றாம் கம்பியின் இரண்டாம் ஃப்ரெட்டில் இருக்கும் ஏவைப் பெருவிரலால் எடுக்கிறேன். நான்காம் கம்பிக்கு மேலே போனதால் திசை சரியாகிவிடுகிறது. அந்த ஒரு பாருக்கு ஆள்காட்டி இரண்டாம் கம்பிக்கும் நடுவிரல் முதல் கம்பிக்கும் நகர வேண்டும். அது சிரமமென்றால் நான்காம் கம்பி டியையே இரண்டாவது முறையும் மென்மையாகத் தொட்டுவிடலாம். வகுப்புக்கு வரும் புதியவர்களுக்கு நான் சொல்வது அந்த எளிய வழியைத்தான்.

டியைப் பற்றி இன்னொன்றும் உண்டு. ஜியிலிருந்து டிக்கு மாறும்போது முந்தைய பாரில் எடுத்த ஆறாம் கம்பி ஜி இன்னும் ஒலித்துக்கொண்டிருக்கும். ஸ்டீல் கம்பி போட்ட கிடாரில் அது அடங்கவே அடங்காது. டியின் அடியில் அந்த ஜி தங்கிவிட்டால் கார்டு கலங்கிப் போகிறது. பெருவிரல் நான்காம் கம்பியை எடுக்கிற அதே நொடியில் அதன் பக்கவாட்டை ஆறாம் கம்பியில் லேசாக உரசவிட்டால் போதும், அடங்கிவிடும். ஒலிப்பதிவில் இது தெளிவாகக் கேட்கும். மேடையில் ஒலிபெருக்கி பேஸைத் தூக்கிக் கொடுப்பதால் இன்னும் அதிகமாகக் கேட்கும்.

இப்போது ஆட்டத்தின் உள்ளே வருவோம். இந்தப் பாட்டின் மெட்டில் ஒரு சின்னக் குலுக்கல் இருக்கிறது. பல்லவியின் முதல் அடியிலேயே மூன்று மாத்திரை, மூன்று எழுத்து. ஆனால் சமமாக அல்ல. முதல் எழுத்துக்கு ஒன்றரை மாத்திரை, இரண்டாவதுக்கு அரை, மூன்றாவதுக்கு ஒன்று. ஒன்றரை, அரை, ஒன்று. பாட்டு முழுக்க இந்த வடிவம் திரும்பத் திரும்ப வருகிறது. அதுதான் இந்த மெட்டின் முகம். அதை நீக்கிவிட்டு மூன்று சம மாத்திரையாகப் பாடிப் பாருங்கள், மெட்டு பாலர் வகுப்புப் பாட்டாகிவிடும்.

கிடாரோ ஒன்று, ஒன்று, ஒன்று என்று சமமாக வாசிக்கிறது. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பாருங்கள். பாடகி முதல் எழுத்தை ஒன்றரை மாத்திரைக்கு இழுத்துக்கொண்டிருக்கும்போதே, ஒரு மாத்திரை முடிந்த இடத்தில் கிடாரின் இரண்டாவது ஒலி விழுகிறது. அதிலிருந்து அரை மாத்திரை கழித்துப் பாடகியின் இரண்டாவது எழுத்து. அதிலிருந்து அரை மாத்திரையில் இருவரும் மூன்றாவதில் சேர்கிறார்கள். கிடாரின் இரண்டாவது ஒலி பலமாக இருந்தால், அது பாடகியின் அந்தச் சின்ன எழுத்தை முந்திக்கொண்டு வந்து அதன் இடத்தைப் பிடித்துவிடும். கேட்கிறவர்கள் காதில் அந்த எழுத்து தடுக்கி விழுந்தது போலாகிறது. பாடகிகள் இதைக் காதால் அறிவார்கள். ஆனால் காரணம் சொல்லத் தெரியாது. எங்கள் தனிக்குரல் பாடகி, "மாஸ்டர், கிடார் இருக்கும்போது அந்த இடத்துல வாய் சுருங்குது" என்றார். பல பேர் அந்த நெருக்கடியில் ஒன்றரையைக் குறைத்து ஒன்றாக்கிவிடுவார்கள். கிடார் குரலைச் சமமாக்கிவிடும். மெட்டின் முகம் அழிந்துவிடும்.

இதற்கு மருந்து எளிது. குலுக்கல் வருகிற அடியில் கிடாரின் இரண்டாவது மாத்திரையை விட்டுவிடுவது. பெருவிரல் அடிக்கிறது, ஆள்காட்டி சும்மா இருக்கிறது, நடுவிரல் மூன்றாவதில் தொடுகிறது: தா, ட. பாடகியின் ஒன்றரைக்கு இடம் கிடைத்துவிட்டது. மூன்றாவது மாத்திரையில் இருவரும் சேர்ந்து விழுகிறார்கள். குரல் நீண்டு நிற்கிற அடிகளில், அதாவது வரி முடிவில், ஆள்காட்டியைத் திரும்பக் கூப்பிட்டு மூன்றையும் வாசிக்கலாம். அங்கே குரல் அசையாமல் நிற்பதால் கிடார் அசைந்தாக வேண்டும். ஆகப் பேட்டர்ன் என்பது பாட்டு முழுக்க ஒரே அச்சில் ஓடுவது இல்லை. குரல் நகரும் இடத்தில் கிடார் மெலிகிறது, குரல் நிற்கும் இடத்தில் கிடார் நிரம்புகிறது. இந்த ஓர் ஏற்பாடு செய்த பிறகு அந்தப் பாடகி வாயைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

மூன்றாவது, ஆறாவது மாத்திரைகளைப் பற்றி ஒரு வார்த்தை. ஆட்டம் வேண்டுமென்று சிலர் இந்த இரண்டையும் வேண்டுமென்றே தாமதப்படுத்தி, அடுத்த அடியை ஒட்டி வைப்பார்கள். வேகமான பாட்டில் அது பொருந்தும். 46இல் அப்படிச் செய்தால் நொண்டுவது போலாகிறது. மூன்றாவதை அதன் இடத்திலேயே வைத்து எடையை மட்டும் குறையுங்கள். எடை குறைந்தாலே காது அதை அடுத்த அடியோடு சேர்த்துக் கேட்கும். நேரத்தைத் தொட வேண்டியதே இல்லை. என் அனுபவத்தில் இந்தப் பாட்டின் ஆட்டத்தில் பெரும்பகுதி எடைதான், நேரத்தின் பங்கு மிகக் கொஞ்சம்.

கார்டுகள் மாறும் வேகமும் ஆட்டத்தைக் கெடுக்கும். பல பாட்டுப் புத்தகங்களில் பல்லவியின் நடுவில் ஒரே பாருக்குள் ஏ மைனரும் டியும் கொடுத்திருப்பார்கள். அப்படி வாசித்தால் நான்காவது மாத்திரையில் புது கார்டின் மூல ஸ்வரம் வந்து விழும். மாற்றத்தைக் காது கனமாகவே எடுத்துக்கொள்ளும். திரும்பல் அடி இழுப்பாகிவிடும். ஒரு பாருக்கு இரண்டு இழுப்பு என்றால் படகோட்டி களைத்துப் போவான். நான் அந்த இடத்தில் பார் முழுக்க ஒரே கார்டை வைத்தேன். மெட்டுக்கு அது ஒன்றும் குறையவில்லை. இரண்டு கார்டும் வேண்டுமென்று நினைக்கிறவர்கள், நான்காவது மாத்திரையில் பேஸே எடுக்காமல் மேல் கம்பிகளில் மட்டும் மாற்றிக் காட்டலாம். அப்போது மாற்றம் கேட்கும், பாரம் விழாது.

சரணத்தில் மெட்டு மைனருக்குப் போகிறது. இ மைனரில் தொடங்கி ஏ மைனருக்குப் போய்த் திரும்பி, புயலும் அலையும் பேசப்படுகிற இடம். இங்கே தனிக்குரல், குழு சும்மா நிற்கும். இந்தப் பகுதிக்கு நான் முதல் வழியை, ஏறி இறங்கும் ஆறு விரல் ஓட்டத்தை எடுத்துக்கொண்டேன். குழுவின் ஒலி இல்லாததால் மேல் கம்பிகளுக்கு இடம் இருக்கிறது. ஒரு பாருக்கு ஒரே பேஸ் என்பதால் கீழே காலியாகி, குரல் தனியாக நிற்பது தெரிகிறது. நான்காவது மாத்திரையின் ஊசியை மழுக்க மோதிர விரல் நகத்தைத் தவிர்த்துச் சதையால் எடுத்தேன். பல்லவிக்குத் திரும்பும்போது பெருவிரலின் இரட்டை பேஸ் மறுபடி வருகிறது. கேட்கிறவர்களுக்குத் துடுப்பு மறுபடி நீரில் இறங்கிய உணர்வு கிடைக்கும். ஒலிபெருக்கியின் அளவைத் தொடவே தேவையில்லை.

அறிமுக இசையில்தான் எல்லாம் அம்பலமாகும். இந்தப் பாட்டு முதல் அடியில் நேராகத் தொடங்குவது. அதற்கு முன்னால் எடுப்பு எழுத்து எதுவும் கிடையாது. ஆகவே குழு எங்கே நுழைய வேண்டும் என்பதைக் கிடார் மட்டுமே சொல்ல முடியும். நான் ஊரில் இல்லாத ஓர் ஒத்திகைக்கு என் மாணவி ஒருத்தி வாசித்தாள். பிறகு அலைபேசியில் பதிந்ததைப் போட்டுக் காட்டினாள். நான்கு பார் அறிமுகம், விரல் சுத்தம். ஆனால் குழுவில் பாதிப்பேர் அரை பார் முன்னால், நான்காவது மாத்திரையில் நுழைந்திருந்தார்கள். "எல்லாரும் சரியாத்தான் எண்ணினாங்க சார், எப்படி இப்படி ஆச்சு?" என்றாள். எண்ணிக்கை சரிதான். இரண்டு பெருவிரல் அடிகளும் ஒரே எடையில் இருந்தன. எது முதல் என்று காதுக்குத் தெரியவில்லை. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து நுழைந்தவர்கள் மேல் பிழை சொல்ல முடியாது.

அவளை நான் செய்யச் சொன்ன பயிற்சி: பெருவிரல் மட்டும். ஆள்காட்டியும் நடுவிரலும் கைக்குள் மடங்கியிருக்கட்டும். ஜியில் முதல் பேஸ், இரண்டாவது பேஸ், இவ்வளவுதான். அலைபேசியை அறையின் மறுமுனையில் வைத்துப் பதிய வேண்டும். பிறகு நடுவில் எங்காவது போட்டு, கண்ணை மூடிக் கேட்டு, முதல் அடி எது என்று சொல்ல வேண்டும். தயங்காமல் சொல்ல முடிந்தால் நடுவிரலைச் சேர்க்கலாம். மறுபடி அதே சோதனை. கடைசியில்தான் ஆள்காட்டி. தூரத்தில் வைப்பதற்குக் காரணம் உண்டு: பக்கத்தில் கேட்கும்போது மேல் கம்பிகளின் பளபளப்பு காதை நிரப்பிவிடும், தூரத்தில் அது கரைந்து எடை மட்டும் மிஞ்சும். அரங்கின் பின்வரிசைக்குப் போய்ச் சேர்வதும் அதுதான். அவளுக்கு மெட்ரோனோமையும் மாற்றிக் கொடுத்தேன். நிமிடத்துக்கு 23 என்று வைத்து, தட்டல் விழுவது இரண்டாவது அடி என்று நினைத்துக்கொண்டு வாசிக்கச் சொன்னேன். முதல் அடியைக் கருவி சொல்லித் தராது. அவளே வைத்தாக வேண்டும். கடினமான பயிற்சி. அது வந்துவிட்ட கையில் வேறு எந்தப் பாட்டிலும் தாளம் சரியாது.

நிகழ்ச்சிக்கு இரண்டு கிடார் வைத்துக்கொள்ளலாமா என்று கல்லூரியில் கேட்டார்கள். வைக்கலாம், ஆனால் இருவரும் ஒரே பேட்டர்னை வாசிக்கக் கூடாது. இரண்டு கைகள் ஆறு மாத்திரையையும் வாசித்தால் சின்னச் சின்ன நேர வித்தியாசங்கள் கூடி, ஆறும் பன்னிரண்டாகக் கேட்கும். என் கிடாரில் கேப்போ இரண்டாம் ஃப்ரெட், ஜி பிடிகள். மாணவிக்கு ஒன்பதாம் ஃப்ரெட்டில் கேப்போ, சி பிடிகள். ஒலி அதே ஏ, ஆனால் கழுத்தின் உச்சியில், மாண்டலின் போல மெல்லிய ஒலி. பெருவிரலும் பேஸும் என் பொறுப்பு. அவள் பல்லவியில் மூன்றாவது, ஆறாவது மாத்திரைகளில் மட்டும், இரண்டு மேல் கம்பிகளைச் சேர்த்துக் கிள்ளி எடுத்தாள்; என் நடுவிரலை அந்த இடங்களில் நிறுத்திக்கொண்டேன். சரணத்தில் அவள் வாசிக்கவில்லை. ஒன்பதாம் ஃப்ரெட் கேப்போவில் கம்பி இழுபட்டுச் சுருதி ஏறிவிடும் என்பதால், கேப்போவை மாட்டிய பிறகு சுருதி சேர்க்கச் சொன்னேன். மேடை விளக்குச் சூட்டில் மறுபடி நகரும் என்பதால் எங்கள் பாட்டுக்கு முந்தைய பாட்டின் கைதட்டலின்போது இன்னொரு முறை.